மைக்கை எட்டு வடிவத்துக்கு மாற்றியதும் அப்பாவின் குரல் குடத்துக்குள் போய்விட்டது. ஏன்?

செவ்வந்தி | ஞாயிறு, காலை 9.40

வணக்கம். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 71. எங்களுக்குச் சிறுவயதில் சொன்ன கதைகளை இப்போது பேரப்பிள்ளைகளுக்காகப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம். மைக்கில் மூன்று நிலைகள் உள்ள விசை இருக்கிறது. ஒன்றில் வட்டம், ஒன்றில் அரசிலை போன்ற குறி, இன்னொன்றில் எட்டு.

முதல் நான்கு கதைகளை அரசிலைக் குறியில், அதாவது கார்டியாய்டில் பதிந்தேன். மைக்குக்கும் அப்பாவின் வாய்க்கும் நான்கு விரற்கடை இடைவெளி. தலைக்குமேல் மின்விசிறி ஓடியதால் அதன் ஓசையும் சேர்ந்து விழுந்தது. மதுரை வெயிலில் அதை நிறுத்தினால் கதையும் நின்றுவிடும். போன வாரம் இதே மன்றத்தில் ஒருவர், எட்டு வடிவத்துக்கு மாற்றினால் விசிறி ஓசை போய்விடும் என்றார். மாற்றினேன். விசிறி உண்மையிலேயே அடங்கிவிட்டது. ஆனால் அப்பா குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் ஆகிவிட்டது. ‘ராஜா’ என்றால் ‘ரா’ மட்டும் அறை முழுக்க உருள்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய நான்கு கதைகளிலும் ஒரே கதைக்குள் குரல் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் கனம், ஓரிடத்தில் மெலிவு. மைக் கெட்டுவிட்டதா?

---

மேடை முருகு | ஞாயிறு, காலை 10.05

மைக் கெடவில்லை. ஊளைதான் காரணம். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பி விழும்போது முதலில் இப்படித்தான் கடமுடவென்று உருளும், பிறகு கூவும். ஸ்பீக்கரை மைக்கின் முகம் பார்க்காத பக்கமாகத் தள்ளி வையுங்கள். அப்பா மைக்கைக் கையில் பிடித்திருந்தால் வலைக்கூண்டைப் பொத்தாமல் கீழே பிடிக்கச் சொல்லுங்கள். கல்யாண மேடைகளில் பாடகர்கள் கூண்டைப் பொத்திக்கொண்டு பாடுவதும், உடனே கூவுவதும், கடைசியில் திட்டு எனக்கு விழுவதும் வாடிக்கை.

---

செவ்வந்தி | ஞாயிறு, காலை 10.20

ஐயா, ஸ்பீக்கரே இல்லை. காதில் ஹெட்போன் மட்டும்தான். மைக் மேசைமேல் தாங்கியில் நேராக நிற்கிறது.

---

இரைச்சல் வேட்டை | ஞாயிறு, காலை 11.12

எட்டு வடிவத்தைச் சொன்னவன் நான்தான், எனவே பழியும் என்னைச் சேரட்டும். விசிறி போய்விட்டதல்லவா? எட்டு வடிவம் முன்னும் பின்னும் கேட்கும். இரு பக்கமும் மேலும் கீழும் அதற்குச் செவிடு. விசிறி உச்சந்தலைக்கு மேல் இருப்பதால் சரியாகச் செவிட்டுப் பக்கத்தில் விழுந்திருக்கிறது.

குடத்துக் குரலுக்குக் காரணம் எளிது. அருகில் போகப்போக ஒலி கூடும். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இயல்பிலேயே வலுவானது என்பதால் அதுதான் முதலில் முட்டும். மைக்கைச் சற்று ஒருக்களித்துத் திருப்பி வைத்தால் வாய்க்காற்று நேராக மோதாது, பேஸும் குறைந்துவிடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் விசை மைக்கில் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

---

பழைய ரிப்பன் | ஞாயிறு, மாலை 4.30

வேட்டை சொன்ன விசிறிக் கதை சரி. குரல் கதையில் பாதிதான் சரி. அருகில் போனால் ஒலி கூடும் என்பது பேஸுக்கும் உச்சத்துக்கும் ஒரே அளவில்தான். அது மட்டும் காரணம் என்றால் ஒலியளவைக் குறைத்தவுடன் பழைய குரல் திரும்பியிருக்க வேண்டும். செவ்வந்தி அம்மா குறைத்துப் பார்த்திருப்பார், குடம் குடமாகவே இருந்திருக்கும்.

வானொலி நிலையத்தில் ரிப்பன் மைக்குகளோடு காலம் தள்ளியவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வட்டக் குறிக்கென்றே செய்த மைக்கின் சவ்வுக்கு ஒரு பக்கம்தான் திறப்பு. பின்பக்கம் பெட்டி மூடியிருக்கும். காற்றழுத்தம் கூடினால் சவ்வு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்குக் கவலையில்லை. எட்டு வடிவ மைக்கில் சவ்வின் இரு பக்கமும் திறந்திருக்கும். முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் எவ்வளவு வேறுபாடோ அந்த அளவுக்குத்தான் அது அசையும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி இரு முகங்களையும் ஒரே நேரத்தில் ஒரே வலுவில் தொடுவதால் சவ்வு அசைவதில்லை. செவிட்டுப் பக்கத்தின் இரகசியம் அவ்வளவுதான்.

இப்போது எதிரிலிருந்து வரும் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். அது முன்முகத்தைத் தொட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு பின்முகத்துக்குப் போக 1 செ.மீ. கூடுதலாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் கிட்டத்தட்ட 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலையில் 1 செ.மீ. நகர்ந்தால் அழுத்தம் என்ன மாறிவிடும்? இரண்டு சதவீதம்கூடத் தேறாது. 1000 ஹெர்ட்ஸில் அலை பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதால் அதே 1 செ.மீ.க்கு 18 சதவீதம் கிடைக்கிறது. ஆக, இந்த மைக் பிறவியிலேயே பேஸுக்கு மந்தம். அப்படியே விட்டால் எல்லாக் குரலும் தகர டப்பாவாகக் கேட்கும். எனவே செய்பவர்கள் சவ்வைத் தளர்வாகக் கட்டி, ஒலி தாழத் தாழ அது அதிகம் அசையும்படி செய்து, பேஸைக் கைதூக்கி விடுகிறார்கள். 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 100 ஹெர்ட்ஸுக்குப் பத்து மடங்கு கைதூக்கல். தொலைவிலிருந்து வரும் ஒலிக்கு இப்போது கணக்கு நேராகிவிட்டது.

அப்பா 5 செ.மீ. தூரத்தில் வந்து உட்காரும்போதுதான் விவகாரம். முன்முகத்துக்கு 5 செ.மீ., பின்முகத்துக்கு 6 செ.மீ. ஒலியழுத்தம் தூரத்துக்கு ஏற்பக் குறைவதால் இந்த ஒரே காரணத்துக்காகப் பின்முகத்தில் 17 சதவீதம் குறைந்துவிடுகிறது. இந்த 17 சதவீதத்துக்கு அலைநீளம் பற்றிய கவலையே கிடையாது. 100 ஹெர்ட்ஸிலும் 17, 1000 ஹெர்ட்ஸிலும் 17. உச்ச ஒலிகளில் அலை வேறுபாடே பெரிதாக இருப்பதால் அந்த 17 காதில் விழாது. ஆனால் 100 ஹெர்ட்ஸில் இரண்டு சதவீதம்கூட இல்லாத இடத்தில் 17 சதவீதம் வந்து உட்கார்ந்தால்? அதையும் மைக் பத்து மடங்கு கைதூக்கி விடுகிறது. ஏழைக்கென்று வைத்த சலுகையில் பணக்காரன் வந்து வரிசையில் நின்றதுபோல. கிட்டத்தட்ட 20 டெசிபல் ஏற்றம்.

கார்டியாய்டு இந்த எட்டும் வட்டமும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை. முன்னால் இரண்டும் கூடும். பின்னால் எட்டின் எதிர்முகம் வட்டத்தைத் தின்றுவிடும். மைக்கில் எட்டின் பங்கு பாதி என்பதால் பேஸ் ஏற்றமும் ஏறக்குறைய பாதி. அதனால்தான் கார்டியாய்டில் கனமாக மட்டும் இருந்த குரல் எட்டுக்கு மாற்றியதும் குடத்துக்குள் போனது. வட்டத்தில் வைத்து அதே நான்கு விரற்கடையில் ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். உருளல் மாயமாகிவிடும்.

---

குவாண்டம் குமரன் | ஞாயிறு, இரவு 8.02

ஐயாவின் விளக்கம் நன்றாக இருக்கிறது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு திருத்தம் மட்டும். அலை தரும் வேறுபாடும் தூரம் தரும் வேறுபாடும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது சுழியில் இருக்கும். எனவே இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

அப்படிப் போட்டுப் பார்த்ததில் மனத்தில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று கிடைத்தது. கார்டியாய்டுக்கு 2730-ஐத் தூரத்தின் சென்டிமீட்டரால் வகுத்தால் பேஸ் 3 டெசிபல் ஏறத் தொடங்கியிருக்கும் ஹெர்ட்ஸ் வரும். அதற்குக் கீழே ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும் கூடும் ஏற்றம் 6 டெசிபலை நெருங்கும். எட்டு வடிவத்துக்கு 5460-ஐ வகுக்க வேண்டும். நான்கு விரற்கடையை 7 செ.மீ. என்று கொண்டால் கார்டியாய்டில் 390 ஹெர்ட்ஸ், எட்டில் 780 ஹெர்ட்ஸ்.

இதிலிருந்தே 80 ஹெர்ட்ஸ் வெட்டு ஏன் பயன்படாது என்பதும் தெரிகிறது. அக்காவின் அப்பா குரல் 110 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கலாம். குடம் இருப்பது 100க்கும் 400க்கும் நடுவில். 80க்குக் கீழே வெட்டுவது மாடியில் ஒழுகும்போது நிலவறையில் வாளி வைப்பது.

---

இரைச்சல் வேட்டை | ஞாயிறு, இரவு 8.31

வாளிக் கதை இருக்கட்டும் தம்பி. ஒருக்களித்து வைத்தால் குறையும் என்று நான் சொன்னதற்கு என்ன பதில்? நான் எப்போதும் அப்படித்தான் வைக்கிறேன், குறைகிறது.

---

பழைய ரிப்பன் | ஞாயிறு, இரவு 9.15

குறைவது ‘ப’, ‘ட’ சொல்லும்போது வரும் காற்று மோதல். அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதால்தான் குழப்பம். காற்று மோதல் அந்தந்த எழுத்தில் மட்டும் ‘தொம்’ என்று வரும். நாம் பேசும் கனம் ‘ஆ’ என்று நீட்டினாலும் தொடர்ந்து இருக்கும். செவ்வந்தி அம்மா சொன்ன ‘ரா’வில் காற்றே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

கார்டியாய்டை 45 பாகை திருப்பினால் 5 செ.மீ. தூரத்தில் பேஸ் ஏற்றம் 2 டெசிபலுக்குள்தான் குறையும். முழுக்க 90 பாகை திருப்பினால் எட்டின் பங்கு சுழியாகிவிடும், அப்போது ஏற்றமே இராது. ஆனால் குரல் வேறு நிறமாகிவிடும், அறையும் உள்ளே வந்துவிடும். யாரும் அப்படிப் பதிவதில்லை.

முருகு அவர்கள் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் ஒன்றைச் சரியாகச் சொன்னார். மேடை மைக்கின் கூண்டைப் பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைபடுகின்றன. அரசிலை அழிந்து வட்டத்தை நோக்கிப் போகிறது. அதனால்தான் கூவுகிறது.

---

மேடை முருகு | ஞாயிறு, இரவு 9.40

பொத்தினால் கூவும் என்பது தெரியும், துளைதான் காரணம் என்று இன்றுதான் தெரிந்தது. நன்றி ஐயா. அப்படியானால் எங்கள் எஸ்.எம்.58-ல் வாயை ஒட்டிப் பாடினால் ஏன் குடமாகவில்லை? அதுவும் கார்டியாய்டுதானே?

---

பழைய ரிப்பன் | திங்கள், காலை 7.10

அதை ஒட்டிப் பாடுவதற்கென்றே செய்திருக்கிறார்கள். தொலைவில் வைத்துச் சோதித்தால் அதன் பேஸ் சரிந்து கிடக்கும். வாயை ஒட்டும்போது வரும் ஏற்றம் அந்தச் சரிவை நிரப்புகிறது. மேடையில் அதே மைக்கை இரண்டடி தள்ளி வைத்து உரையாற்றுபவரின் குரல் ஏன் சோகையாகக் கேட்கிறது என்பதற்கும் அதுவே விடை. மைக்கோடு வரும் தாளில் அலைவரிசைக் கோட்டைப் பார்க்கும்போது அது எந்தத் தூரத்தில் வரைந்தது என்பதை முதலில் பாருங்கள். தூரம் எழுதாத கோட்டை நான் நம்புவதில்லை.

எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்.இ.20 போன்ற சில மைக்குகளில் வேறு வழியைப் பிடித்தார்கள். பின்பக்கத் திறப்புகளை உடல் நெடுகப் பல தூரங்களில் வைத்து, பேஸ் தொலைவான திறப்பு வழியாகவும் உச்சம் அருகான திறப்பு வழியாகவும் வரும்படி செய்தார்கள். பேஸுக்கு நடக்கும் தூரம் கூடியதால் அலை வேறுபாடு அங்கேயே பெரிதாகக் கிடைக்கிறது, அவ்வளவு கைதூக்கல் தேவைப்படுவதில்லை. கைதூக்கல் குறைந்தால் அருகில் வரும்போது ஏற்றமும் குறையும்.

---

ஆறாவது பந்து | திங்கள், காலை 8.25

ஒரு சந்தேகம். கிரிக்கெட் வர்ணனையாளர்கள் மேல் உதட்டில் ஒட்டி வைத்துப் பேசுகிற மைக் ஒன்று உண்டே, பி.பி.சி. வடிவமைத்தது, கோல்ஸ் 4104. உள்ளே இருப்பது ரிப்பன், அதுவும் இரு பக்கமும் திறந்த வகை என்று படித்தேன். ஐயா சொல்வதுபடி அது குடத்திலும் பெரிய குடமாக அல்லவா இருக்க வேண்டும்? வர்ணனை தெளிவாக அல்லவா கேட்கிறது?

---

பழைய ரிப்பன் | திங்கள், காலை 11.50

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இந்தக் குறையையே கூலிக்கு வைத்துக்கொண்ட மைக் அது.

உதட்டில் ஒட்டும் கட்டை எதற்கு? வாய்க்கும் ரிப்பனுக்கும் எப்போதும் ஏறக்குறைய 5 செ.மீ. மட்டுமே இருக்க வேண்டும் என்பதற்கு. வர்ணனையாளர் ஆவேசத்தில் குதித்தாலும் மைக் உதட்டோடு குதிக்கும், தூரம் மாறாது. அந்தத் தூரத்தில் 100 ஹெர்ட்ஸ் 20 டெசிபல் அளவுக்கு ஏறும் என்று கண்டோம். தூரம் நிலையானது என்பதால் ஏற்றமும் நிலையானது. எனவே அந்த 20-ஐ மைக்குக்குள்ளேயே வெட்டிவிடலாம். வர்ணனையாளர் குரல் சமநிலைக்கு வந்துவிடும். ஆனால் மைதானத்தின் ஆரவாரம் எங்கோ தொலைவிலிருந்து வருகிறது. அதற்கு ஏற்றமே கிடைக்கவில்லை, வெட்டு மட்டும் கிடைக்கிறது. கூட்டத்தின் முழக்கத்தில் உள்ள பேஸ் 20 டெசிபல் தாழ்ந்துபோகிறது. ஐம்பதாயிரம் பேர் கத்தும்போது ஒருவர் முணுமுணுப்பது கேட்பது இப்படித்தான்.

பழைய ஆர்.சி.ஏ. 77-டி.எக்ஸ். மைக்கின் அடியில் இசைக்கு ஒரு நிலை, குரலுக்கு இரு நிலைகள் என்று திருகு விசை இருக்கும். குரல் நிலைக்குத் திருப்பினால் பேஸ் வெட்டப்படும். அருகில் வந்து பேசுவார்கள் என்று தெரிந்து வைத்த விசை அது.

---

நள்ளிரவு வாசகன் | திங்கள், இரவு 11.58

எல்லோரும் இதை நோய்போலப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கனம்தான் வேண்டும். என் இயல்பான குரல் மெலிந்தது. கவிதை வாசிக்கும்போது மூன்று விரற்கடைக்குப் போனால்தான் நெஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. இரவு வானொலி அறிவிப்பாளர்கள் அதைத்தானே செய்தார்கள்? மருந்து கேட்டு வந்தவரிடம் எல்லோருக்கும் பத்தியம் சொல்லாதீர்கள்.

---

பழைய ரிப்பன் | செவ்வாய், காலை 6.45

நானும் செய்தேன். நள்ளிரவு அறிவிப்பில் செய்தேன், செய்தியில் செய்ததில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. தலை அசையக் கூடாது. நீங்கள் அசையாமல் வாசிப்பவராக இருப்பீர்கள். கதை சொல்பவரால் அது முடியாது.

செவ்வந்தி அம்மா, அப்பா கதை சொல்லும்போது முன்னால் சாய்கிறாரா?

---

செவ்வந்தி | செவ்வாய், காலை 7.30

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அப்பாவுக்கு வகுப்பறைப் பழக்கம். பேய் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, மேசைமேல் சாய்ந்து, முன்வரிசைப் பையனைப் பயமுறுத்துவதுபோல்தான் சொல்வார். முன்வரிசைப் பையன் இருந்த இடத்தில் இப்போது மைக் இருக்கிறது.

---

குவாண்டம் குமரன் | செவ்வாய், காலை 9.05

அக்கா, அப்பாவின் பேய் எவ்வளவு செலவு வைக்கிறது என்று கணக்குப் போட்டேன். 110 ஹெர்ட்ஸில், கார்டியாய்டு. 7 செ.மீ. தூரத்தில் பேஸ் ஏற்றம் 11 டெசிபல். 3 செ.மீ. சாய்ந்து 4 செ.மீ.க்கு வந்தால் 16. ஒரு சாய்வில் குரலின் நிறமே 5 டெசிபல் மாறுகிறது. மொத்த ஒலியளவு கூடுவது தனி.

இதையே ஒரு சாண் தள்ளி, 22 செ.மீ.யில் செய்தால் ஏற்றம் 3.6 டெசிபல்தான். அதே 3 செ.மீ. சாய்ந்தால் 4.3. முக்கால் டெசிபல் அளவுதான் மாறுகிறது. கதைக்குள் குரல் மாறுவதற்கு மைக் காரணமல்ல, தூரம்.

எட்டு வடிவத்தில் வேண்டுமானால் தூரத்தை இரட்டிப்பாக்கினால் கார்டியாய்டின் அதே பேஸ் கிடைக்கும். 7 செ.மீ. கார்டியாய்டும் 14 செ.மீ. எட்டும் ஒன்று.

---

பழைய ரிப்பன் | செவ்வாய், காலை 10.20

குமரன் கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் வாயைப் புள்ளியாக நினைத்துப் போட்ட கணக்கு அது. மனித வாய் புள்ளியல்ல, மைக்கின் கூண்டும் உள்கட்டமைப்பும் குறுக்கே வரும். மிக அருகில் அளந்தால் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வரும். சாண் தூரத்தில் கணக்கை நம்பலாம்.

ஒரு சோதனை செய்யுங்கள் அம்மா. ஒரே வரியை நான்கு விரற்கடை, ஒரு சாண், ஒரு முழம் என்று மூன்று தூரத்தில் அப்பாவை வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். மூன்றையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். அருகில் வரவர உருளல் கூடினால் நாம் பேசிக்கொண்டிருக்கும் விவகாரம். தள்ளிப் போகப்போகக் கூடினால் அது அறையின் மூலைகளில் தேங்கும் பேஸ். அதற்கு வைத்தியம் வேறு.

---

செவ்வந்தி | வியாழன், மாலை 6.15

செய்தேன். அப்பா ஒரே வரியை ஒன்பது முறை வாசித்துக் களைத்துவிட்டார்.

நான்கு விரற்கடையில் வட்டக் குறி போட்டதும் குடம் காணாமல் போனது. ஐயா சொன்னபடியே. ஆனால் விசிறி, எதிர்வீட்டுக் குக்கர், தெருவில் போன தேங்காய் வண்டி எல்லாம் உள்ளே வந்தன.

கார்டியாய்டில் நான்கு விரற்கடையும் ஒரு சாணும் ஒப்பிட்டேன். கணினியில் அலைவரிசைப் படம் போட்டுப் பார்த்ததில் 110 ஹெர்ட்ஸ் பக்கம் 7 டெசிபல் அளவுக்கு இறங்கியிருக்கிறது. சாண் தூரத்தில் அப்பா அப்பாவாகக் கேட்கிறார். பேய் வரும் இடத்தில் சாய்ந்தும் பார்த்தார், குரல் நிலையாக நின்றது. ஒரு முழத்தில் சுவர் எதிரொலி தெரிய ஆரம்பித்துவிட்டது.

எட்டு வடிவத்தில் ஒரு சாண் வைத்தபோது குடம் பெரும்பாலும் போய், கொஞ்சம் கனம் மட்டும் மிச்சம். விசிறி ஓசை கார்டியாய்டைவிடத் தெளிவாகக் குறைவு. ஆனால் மைக்குக்குப் பின்னால் இரும்பு பீரோ இருக்கிறது. அதிலிருந்து ஒரு ‘ணங்’ வருகிறது. தடித்த போர்வையைத் தொங்கவிட்டதும் குறைந்தது. இன்னொன்று, விசிறியை வேகமாக வைத்தால் எட்டில் ஒரு படபடப்பு வருகிறது. வட்டத்தில் அது இல்லை.

---

பழைய ரிப்பன் | வியாழன், இரவு 8.40

படபடப்பு விசிறியின் ஓசையல்ல, அதன் காற்று. காற்றின் அசைவு மிக அருகில் இருந்து வரும் மிகத் தாழ்ந்த ஒலியைப் போல நடந்துகொள்ளும். இரு பக்கமும் திறந்த சவ்வு அதற்கு எளிதில் ஆடும். அதே கைதூக்கல்தான் அங்கும் வேலை செய்கிறது. விசிறியை இரண்டாம் எண்ணில் வையுங்கள், மைக்குக்கு நுரை உறை போடுங்கள். இதற்கு மட்டும் அந்த 80 ஹெர்ட்ஸ் வெட்டு பயன்படும். வேட்டை மகிழட்டும்.

என் யோசனை, எட்டு வடிவத்திலேயே ஒரு சாண் தூரம், பீரோவுக்குப் போர்வை, பிறகு 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதையும் மெதுவாக 4 டெசிபல் தாழ்த்துவது. எட்டு அறையை அதிகமாக இழுக்கும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் வரும் எதிரொலியில் எட்டும் கார்டியாய்டும் எடுப்பது மூன்றில் ஒரு பங்குதான். எந்தப் பக்கம் கேட்கிறது என்பதுதான் வேறு.

---

இரைச்சல் வேட்டை | வியாழன், இரவு 9.02

நான் சொன்ன எட்டே கடைசியில் வென்றது என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

மேடை முருகு | வியாழன், இரவு 9.20

விசிறியை நிறுத்திவிட்டு, கார்டியாய்டில் பத்துப் பத்து நிமிடமாகப் பதிந்தால் போர்வையும் வேண்டாம், நுரையும் வேண்டாம். பெரியவருக்கு நடுவே மோர் கொடுங்கள்.

---

செவ்வந்தி | வெள்ளி, காலை 6.50

மோர் யோசனை அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. எட்டா அரசிலையா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டிலும் ஒரு கதையைப் பதிந்து அம்மாவிடம் கேட்கக் கொடுக்கிறேன்.

பழைய நான்கு கதைகளை என்ன செய்வது? அந்த 11 டெசிபலைக் கணினியில் வெட்டிவிட்டால் போதுமா?

---

குவாண்டம் குமரன் | வெள்ளி, காலை 8.10

போதும் அக்கா. ஏற்றம் எப்படி ஏறுகிறது என்று தெரியும், அதையே தலைகீழாக வெட்டினால் சமன். 390 ஹெர்ட்ஸில் தொடங்கிக் கீழே சரியும் வெட்டு.

---

பழைய ரிப்பன் | வெள்ளி, காலை 9.30

அப்பா 7 செ.மீ.யிலேயே சிலைபோல் இருந்திருந்தால் போதும். அவர் 4க்கும் 10க்கும் நடுவே ஆடியிருக்கிறார். 7க்கு வெட்டினால் பேய் வரும் இடத்தில் குடம் மிச்சமிருக்கும், அரசன் பேசும் இடத்தில் குரல் மெலிந்துவிடும். வரிக்கு வரி கேட்டு வேறு வேறு அளவில் வெட்ட வேண்டும். ஒரு கதைக்கு ஒரு நாள் ஆகும். நானாக இருந்தால் மறுபடி சொல்லச் சொல்லுவேன்.

---

நள்ளிரவு வாசகன் | வெள்ளி, பிற்பகல் 1.15

எனக்கு உடன்பாடில்லை. பேய் வரும்போது குரல் கனத்துத் தாழ்வது கதைக்கு அழகுதானே? பழைய பதிவில் அந்த இடத்தைத் தொடாமல் விடுங்கள். குழந்தைகள் டெசிபல் பார்த்தா பயப்படுகிறார்கள்?

---

செவ்வந்தி | வெள்ளி, இரவு 9.45

அப்பாவிடம் கேட்டேன். அதே கதையை மறுபடி சொன்னால் அதே கதையாக வராது என்கிறார். இப்போதைக்கு முதல் கதையில் அரசன் பேசும் பகுதிகளை மட்டும் வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேய் இருக்கும் ஆறு நிமிடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். குமரன், 4 செ.மீ.க்கு எங்கே தொடங்க வேண்டும், 680 ஹெர்ட்ஸா?